மதுக்கடைக்கு எதிரான மனுவைச் சற்று நிறுத்திவையுங்கள்: பெங்களூர் ஸ்ரீராமபுரம் தெருவாசிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளர் அக்காவுக்கும், நம் தெருவில் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நம் தெரு மதுக்கடையை மூடக் கோரி, கையெழுத்துக்காக நீங்கள் வீடு வீடாக அனுப்பிய மனு போன வாரம் எனக்கும் வந்தது. நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். பிறகு கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். தெருவில் அப்படிச் செய்தவன் நான் ஒருவன்தான் என்று அறிந்தேன். இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் சிலர் பேசாமல் போகிறார்கள். ஆகவே காரணத்தை எழுதிவிடுகிறேன். பக்கத்துத் தெருக்காரர்களும் இதே மனுவைப் படியெடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இது திறந்த மடலாகவே இருக்கட்டும்.

அந்தக் கடை அங்கே இருக்க வேண்டும் என்று நினைப்பவன் அல்ல நான். என் அக்காவின் கணவர் ஐம்பத்திரண்டு வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் இந்தத் தெருவில் வளர்ந்ததை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறீர்கள். பள்ளி விடும் நேரத்தில் கடையின் முன்னால் பாட்டிலைத் திறந்து நின்றுகொண்டே குடிப்பவர்களைத் தாண்டிக் குழந்தைகள் வர வேண்டியிருப்பது எனக்கும் வயிற்றைப் பிசைகிறது. கடை அந்த இடத்திலிருந்து போக வேண்டும். ஆனால் இந்த மனு அதைப் போக வைக்காது. முப்பத்தோரு ஆண்டுகள் நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தேன். அங்கே வந்த வழக்குகளில் பாதி கலால் வழக்குகள். கடைக்காரர் பக்கமும் மனு தட்டச்சு செய்திருக்கிறேன், தெருவாசிகள் பக்கமும் செய்திருக்கிறேன். எந்த வரியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அடிப்பார் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

உங்கள் மனுவின் இரண்டாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், இப்படி இருக்கிறது: மது விற்பது யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, எனவே இந்தக் கடையை மூட வேண்டும். இந்த வாக்கியத்தின் முதல் பாதி சரி. நடுவில் உள்ள 'எனவே' தவறு. மனு முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

முதல் பாதி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1954இல் ஆஜ்மீரிலிருந்து கூவர்ஜி பரூச்சா வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சாராயக்கடை உரிமத்தை ஏலம் விடுவது தொழில் உரிமையைப் பறிப்பது ஆகாதா என்பது கேள்வி. மது சில்லறை விற்பனை மற்ற வணிகங்களைப் போன்றது அல்ல, அதை விற்பதற்குக் குடிமகனுக்குப் பிறவி உரிமை கிடையாது என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1890ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை மேற்கோள் காட்டியது. ஆனால் 1967இல் கிருஷ்ணகுமார் நரூலா வழக்கில் தலைமை நீதிபதி சுப்பா ராவ் வேறு வழியில் போனார். மது வணிகமும் வணிகம்தான், உரிமை உண்டு, ஒழுக்கம் பற்றிய கவலையெல்லாம் அந்த உரிமைக்கு எவ்வளவு கட்டுப்பாடு போடலாம் என்ற இடத்தில்தான் வர வேண்டும் என்றார். எட்டு ஆண்டுகளுக்குள், 1975இல், நஷீர்வார் வழக்கிலும் ஹர்சங்கர் வழக்கிலும் நீதிமன்றம் பழைய இடத்துக்கே திரும்பியது.

இந்த இழுபறிக்கு முடிவு கட்டிய வழக்கு நம் ஊரிலிருந்தே போனது. கோடே டிஸ்டிலரிஸ் நிறுவனத்துக்கும் கர்நாடக அரசுக்கும் நடந்த வழக்கில் 1994 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்காக நீதிபதி பி.பி. சாவந்த் தீர்ப்பு எழுதினார். உங்கள் மனு குறிப்பிடுவது இதைத்தான். குடிப்பதற்கான மதுவை வணிகம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது, அரசு அதை முற்றிலும் தடை செய்யலாம், தானே ஏகபோகமாக நடத்தலாம், உரிமம் கொடுத்து மற்றவர்களை நடத்தவும் விடலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

கடைசியில் உள்ள அந்த மூன்றையும் கவனியுங்கள். மூன்றுமே அரசின் கையில் இருப்பவை. கடைக்காரருக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னபோது அந்த உரிமை தெருவாசிகளிடம் வந்துவிடவில்லை, அரசிடம் போய்ச் சேர்ந்தது. சட்டம் இதை அரசின் தனிச் சலுகை என்கிறது. நம் பெற்றோர் விட்டுவந்த ஊர்களில் ஏரி மீன் குத்தகை எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏரியில் மீன் பிடிக்க ஊரில் எவனுக்கும் தனி உரிமை கிடையாது. ஊராட்சி ஏலம் விடும், எடுத்தவன் பிடிப்பான். குத்தகைக்காரனுக்கு உரிமை இல்லை என்று ஒருவன் வாதாடினால், 'ஆமாம், அது ஊராட்சியின் உரிமை, ஊராட்சிதான் இவனுக்குக் கொடுத்திருக்கிறது' என்று பதில் வரும். உங்கள் மனுவுக்கும் அரசு வழக்கறிஞர் இதே பதிலைச் சொல்வார். கோடே தீர்ப்பை நாம் எடுத்துக் காட்டினால், அதே தீர்ப்பைத் தன் பக்கம் திருப்பி, எங்கே யார் விற்கலாம் என்பது அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிட வேண்டாம் என்பார். மது விஷயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாக அதை ஏற்றுக்கொள்கின்றன.

மனுவில் ஒரு பக்கம் முழுவதும் அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மருத்துவத் தேவைக்குத் தவிர மற்றபடி மதுவைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று அது சொல்வது உண்மை. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டு நெறி. அரசு தடை செய்தால் அந்தத் தடையைக் காப்பாற்ற அது உதவும். அரசு தடை செய்யாதபோது, செய் என்று நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அதற்கு வலு இல்லை. கேரளத்தைப் பாருங்கள். 2014இல் ஐந்து நட்சத்திர விடுதிகளைத் தவிர மற்ற பார்களை மூட அந்த மாநில அரசு முடிவு செய்தது. பார் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 டிசம்பரில் நீதிமன்றம் அரசின் முடிவு செல்லும் என்றது. 2016இல் ஆட்சி மாறியது, 2017இல் கொள்கையும் மாறியது, மூன்று நட்சத்திர விடுதிகளுக்கு மீண்டும் பார் கிடைத்தது. அரசியல் சட்டத்தின் எழுத்து இரண்டு முறையும் ஒன்றுதான்.

அரசே ஏகபோகமாக நடத்துவதைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடையை அரசே எடுத்து நடத்தட்டும் என்று மனுவின் கடைசிப் பக்கத்தில் மாற்றுக் கோரிக்கை வைத்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறைக் கடையும் டாஸ்மாக்கிடம்தான் இருக்கிறது. கர்நாடகத்தில் அதே ஆண்டில் தொடங்கிய மதுபானக் கழகம் நடுவில் நிற்கிறது. தயாரிப்பாளர் அதற்கு விற்கிறார், கடைக்காரர் அதனிடம் வாங்குகிறார், சில்லறை விற்பனை பெரும்பாலும் தனியாரிடம் இருக்கிறது. எம்.எஸ்.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கடைகளும் உண்டு. அரசு ஒரு தொழிலை முழுவதுமாகவோ பகுதியாகவோ தானே எடுத்து நடத்தும் சட்டத்துக்கு 1951இல் வந்த முதல் திருத்தமே பாதுகாப்பு கொடுத்துவிட்டது. பீடி இலை வழக்கு ஒன்றில், ஒடிசாவின் அகதசி பதான் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்புக்கு எல்லை வகுத்தது. ஏகபோகத்துக்கு அடிப்படையாகத் தேவைப்படும் விதிகளுக்கே அது பொருந்தும், அதை ஒட்டி வரும் மற்ற விதிகள் நியாயமானவையா என்று நீதிமன்றம் பார்க்கும் என்றது. மதுவில் அந்த அளவு கேள்வியும் எழுவதில்லை, உரிமையே அரசுடையது என்பதால். ஆகவே அரசுக்கடை வேண்டும் என்று கேட்பதால் நமக்கு எந்தச் சட்ட நன்மையும் கிடையாது. தனியார் கடையில் உரிமம் ரத்தாகும் என்ற பயமாவது இருக்கிறது. அரசுக்கடை வந்தால் விற்பவரும் கண்காணிப்பவரும் ஒரே பக்கம் இருப்பார்கள். அந்தக் கோரிக்கையை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் பக்கத்தில் டெல்லி ஓலியம் வழக்கைச் சேர்த்திருக்கிறீர்கள். சேர்த்தவர் யாரோ நன்றாகப் படித்தவர். ஆனாலும் அது இங்கே பொருந்தாது, ஏன் என்று விளக்குகிறேன். 1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் துயரம் நடந்து ஓராண்டு முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஆலை இயங்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுமார் நான்காயிரம் தொழிலாளர் வேலை இழப்பார்கள் என்பதையும், குளோரின் போன்ற பொருள் சமூகத்துக்குத் தேவை என்பதையும் எடைபோட்டு, 1986 பிப்ரவரியில் கடுமையான நிபந்தனைகளோடு மீண்டும் இயங்க அனுமதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று, ஆபத்தான தொழிலை லாபத்துக்காக நடத்துபவர் அதனால் வரும் கேடு முழுவதற்கும் பொறுப்பு, கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆபத்தான ஆலையைப் பார்க்கும்போது நீதிமன்றம், இது தேவையான தொழில், ஆனால் கேட்டின் விலையைச் செய்பவர்தான் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறது. மதுவைப் பார்க்கும்போது, இது தேவையே இல்லாத வணிகம், அரசு விட்டால் நடக்கட்டும் என்று நினைக்கிறது. கேட்டுக்கு நட்ட ஈடு என்ற பேச்சே மது வழக்குகளில் எழுவதில்லை. என் அக்காவைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. இது சரியா என்று என்னைக் கேட்டால் சரியல்ல என்பேன். ஆனால் நம் தெருவின் ஒரு கடை மேல் போடும் மனுவில் அந்தக் கதவைத் தட்டி நேரத்தை இழக்க வேண்டாம்.

அப்படியென்றால் கடைக்காரருக்கு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. கோடே தீர்ப்பின் இன்னொரு பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அரசு அனுமதித்த பிறகு, அந்த அனுமதியின் எல்லைக்குள் தொழில் செய்ய அவருக்கு உரிமை உண்டு, தகுதியுள்ள இருவரில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவரைக் காரணமில்லாமல் ஒதுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆகவே உரிமத்தை ரத்து செய்யும் முன் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒரு வாரத்தில் மூட உத்தரவிட வேண்டும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் உத்தரவை அதிகாரி போட்டாலும், என்னைக் கேட்காமலே மூடினார்கள் என்று கடைக்காரர் மறுநாளே தடை வாங்கிவிடுவார். அவரைக் கேட்கச் சொல்லி நாமே மனுவில் எழுதிவிட்டால் பிறகு வரும் உத்தரவு நிலைக்கும்.

கடைக்காரரின் அந்த உரிமைக்கு எல்லை, உரிமத்தின் விதிகள். நம் பலமும் அந்த எல்லையில்தான் இருக்கிறது. உங்கள் நான்கு பக்கத்தில் அதற்கு இரண்டு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

கர்நாடகக் கலால் உரிமங்களின் பொது நிபந்தனைகள் 1967ஆம் ஆண்டு விதிகளில் இருக்கின்றன. அவற்றில் 5ஆம் விதி, கல்வி நிலையம், வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் மதுக்கடைக்கு உரிமம் கூடாது என்கிறது. எப்படி அளப்பது என்றும் அதே விதி சொல்கிறது. கடை வாசலின் நடுப்புள்ளியில் தொடங்க வேண்டும். நடந்து போகிறவர் வழக்கமாகப் போகும் மிகக் குறுகிய வழியில் அளக்க வேண்டும். சுற்றுச்சுவர் இருந்தால் அந்த நிலையத்தின் மிக அருகிலுள்ள வாயிலின் நடுப்புள்ளியில் முடிக்க வேண்டும். சுற்றுச்சுவர் இல்லையென்றால் கட்டடத்தின் அருகிலுள்ள நுழைவாயில்.

உங்கள் மனுவில் பள்ளி 60 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி அளந்தீர்கள் என்று செயலாளர் அக்காவிடம் கேட்டேன். கைப்பேசி வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். அது வீடுகளின் கூரை மேல் போகும் நேர்க்கோடு. காகம் பறக்கும் வழியை விதி கேட்கவில்லை. அந்த 60 என்ற எண்ணை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடைத்தவுடன், மனுவில் உள்ள மற்ற உண்மைகளையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

கடைக்காரர் உரிமம் வாங்கியபோது கொடுத்த வரைபடத்தில் 118 மீட்டர் என்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அதுவும் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பள்ளியின் பெரிய வாயில் குறுக்குத் தெருவில் இருக்கிறது. கடையிலிருந்து முனை வரை போய், திரும்பி, அந்த வாயிலுக்கு வந்தால் ஏறத்தாழ அவ்வளவு வரும். ஆனால் பள்ளிக்கு நம் தெருப் பக்கம் ஒரு சின்ன இரும்பு வாயில் இருக்கிறது. சிறு வகுப்புப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் வந்து போகிறார்கள். கடை வாசலிலிருந்து சாலையின் நடுத்தடுப்பில் உள்ள இடைவெளி வரை நடந்து, அங்கே கடந்து, அந்தச் சின்ன வாயில் வரை நான் அடியெடுத்து எண்ணிப் பார்த்தேன். என் கணக்கில் 94 மீட்டர் வந்தது. காலடிக் கணக்கில் ஐந்தாறு மீட்டர் முன்பின் ஆகும். நம் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த ஐந்தாறு மீட்டரில்தான் இருக்கிறது.

ஆகவே மூன்று கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். அந்தச் சின்ன வாயில் உண்மையில் வாயிலா? ஆண்டுக்கு இரண்டு நாள் கொடியேற்றத்துக்கு மட்டும் திறந்தால், அதை எண்ணக் கூடாது என்று அவர்கள் வாதாடுவார்கள். தினமும் காலையும் மாலையும் திறக்கிறது என்று தலைமையாசிரியை கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். எந்த ஆண்டிலிருந்து திறக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். கடை வந்த பிறகு போட்ட வாயில் என்றால் வாதம் பலவீனமாகிவிடும். அடுத்து, நடக்கும் வழி எது? பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் வளாகத்துக்குள் புகுந்து போனால் இன்னும் பத்து மீட்டர் குறையும் என்று சிலர் சொன்னார்கள். அது தனியார் இடம், காவலாளி விடாவிட்டால் போக முடியாது. அந்த வழியைக் காட்டாதீர்கள். நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிக்கும் இடத்தையும் காட்டாதீர்கள். யாரும் மறுக்க முடியாத வழியில் அளந்து 100க்குக் குறைவாக வந்தால் போதும். மூன்றாவது, முதலில் வந்தது எது? நம் பள்ளி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. கடை இந்த இடத்துக்கு வந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. பள்ளியின் அங்கீகாரச் சான்றின் நகல் இதை ஒரே தாளில் காட்டிவிடும். புதிய சில்லறை உரிமங்கள் பெரும்பாலும் கொடுக்கப்படாததால், ஒரு தெருவில் இருந்த உரிமத்தை இன்னொரு தெருவுக்கு மாற்றித்தான் கடைகள் வருகின்றன. இடம் மாற்ற அனுமதிக்கும்போதும் இந்த 100 மீட்டரைப் பார்த்திருக்க வேண்டும். அந்த இடமாற்றக் கோப்பில் எந்த வாயில் வரை அளந்தார்கள் என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, உரிமத்தின் நகல், இடமாற்ற உத்தரவு, இடத்தைப் பார்வையிட்ட அறிக்கை, அளவு வரைபடம் ஆகிய நான்கையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

தெருமுனை அம்மன் கோயிலையும் மனுவில் சேர்த்திருக்கிறீர்கள். அது பள்ளியைவிட அருகில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கோயிலுக்கு ஏதாவது பதிவு ஆவணம் இருக்கிறதா என்று பூசாரி ஐயாவிடம் கேட்டேன், இல்லை என்றார். ஆவணம் இல்லாத சிறு கோயிலை முதல் வாதமாக வைத்தால், அது வழிபாட்டுத் தலமா என்ற விவாதத்திலேயே நாள் போகும். பள்ளியை முன்னால் வையுங்கள், கோயில் பின்னால் வரட்டும்.

அளவு என்பது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 மார்ச்சில், இருபதாயிரமோ அதற்குக் குறைவாகவோ மக்கள் வாழும் பகுதிகளுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. இங்கே உரிம ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. 2017 ஜூலை முதல் நாள் எம்.ஜி. சாலையிலும் பிரிகேட் சாலையிலும் பார்கள் கதவடைத்துக் கிடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். மது எதிர்ப்பு வென்றுவிட்டது என்று அன்று நம் தெருவில் இனிப்பு கொடுத்தவர்கள் உண்டு. சண்டிகரில் நகருக்குள் செல்லும் சாலைகளின் வகையை மாற்றி, அவை நெடுஞ்சாலையே அல்ல என்று அறிவித்திருந்தார்கள். அதை எதிர்த்த வழக்கில் அதே ஜூலையில், தன் உத்தரவு நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற கடைகளைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பிறகு எம்.ஜி. சாலையில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. உச்ச நீதிமன்றமே வகுத்த தூரம் ஏழு மாதத்தில் இப்படி ஆனது. நம் 100 மீட்டர் அரசின் விதியிலேயே இருக்கிறது, அதனால் அதைப் பிடித்துக்கொள்வது எளிது. ஆனால் அரசு விதியைத் திருத்தினால் அதுவும் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள். தாமதிக்க நேரமில்லை.

இன்னொரு பிடி, கடையின் முன் நின்று குடிப்பது. அந்தக் கடையிடம் இருப்பது சி.எல்.-2 உரிமம். மூடிய பாட்டிலை விற்று அனுப்பத்தான் அதில் அனுமதி, அங்கேயே குடிக்க வைக்க அனுமதி இல்லை. பாரில் குடிக்கச் சி.எல்.-9 என்ற வேறு உரிமம் வேண்டும். நிபந்தனையை மீறினால் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் கலால் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் 'தினமும் குடிக்கிறார்கள்' என்ற வரிக்கு மதிப்பில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, கடைக்காரர் தண்ணீரும் டம்ளரும் கொடுத்தாரா, நாம் யாரிடம் புகார் கொடுத்தோம், ஒப்புகை எண் என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். படம் எடுப்பதானால் குடிப்பவரின் முகம் வேண்டாம். கடைப் பலகையும், மேடையும், டம்ளர் வைத்திருக்கும் பலகையும் தெரிந்தால் போதும். முகத்தை எடுத்துச் சண்டை வந்தால் வழக்கு நம் மேல் திரும்பும்.

இன்னொன்று. நான்காம் பக்கத்தில், பக்கத்துச் சாலையில் உள்ள பாரில் பெண்கள் வேலை செய்வது நம் பண்பாட்டுக்கு இழுக்கு, அதையும் தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். டெல்லியில் நடைமுறையில் இருந்த 1914ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டத்தில், மது அருந்தும் இடங்களில் பெண்களையும் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஆண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று இருந்தது. அனுஜ் கார்க் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மது விற்க உரிமை இல்லை என்பதால், அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. அவளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அவள் பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் பாரில் வேலை பார்க்கும் ஒரு பெண் நம் தெருவின் பின்வரிசையில்தான் குடியிருக்கிறாள். அவளிடமும் கையெழுத்துக்குப் போயிருக்கிறீர்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பகுதிக்காரர்கள் இதேபோல ஒரு மனுவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். நானே தட்டச்சு செய்தேன். காந்தியும் திருவள்ளுவரும் 47ஆம் பிரிவும் இருந்தன, முந்நூற்றுச் சொச்சம் கையெழுத்து இருந்தது. விசாரணை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. எந்த விதி மீறப்பட்டது என்று நீதிபதி கேட்டார். பள்ளி பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னோம். எவ்வளவு தூரம், யார் அளந்தார்கள் என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அதிகாரியிடம் முதலில் முறையிட்டீர்களா என்றார். அதுவும் இல்லை. மனு தள்ளுபடி ஆனது. பிறகு நாங்கள் அளந்து பார்த்தபோது 81 மீட்டர்தான் இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு முறை தோற்றுவிட்டோம் என்ற தாள் கடைக்காரரிடம் இருந்தது. அந்த அம்மாக்கள் நீதிமன்றப் படியில் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அளவை முதலில் கேட்காதது என் தவறும்தான்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அளவும் பள்ளியின் கடிதமும். பிறகு தகவல் உரிமையில் வரும் கோப்பு. அந்தக் கோப்பில் பெரிய வாயில் வரை மட்டும் அளந்திருந்தால், அருகிலுள்ள வாயிலை விட்டுவிட்டார்கள் என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்கு இரண்டு பக்க மனு. இரு தரப்பையும் வைத்துக்கொண்டு மீண்டும் அளக்க வேண்டும் என்பது ஒரே கோரிக்கை. ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால், இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். அப்படிப்பட்ட உத்தரவை நீதிமன்றம் தயங்காமல் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதிகாரி நமக்கு எதிராக முடிவெடுத்தால் மேல்முறையீட்டுக்குப் போக வழி இருக்கிறது. அப்போது நம் கையில் அளவும் கோப்பும் இருக்கும்.

அளந்து பார்த்து 100 மீட்டருக்கு மேல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தலைவர் அண்ணன் கேட்டார். வந்தால், தூரம் என்ற வாதத்தை விட்டுவிட்டு, நின்று குடிப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போவோம். கடை போகாது, ஆனால் வாசல் காலியாகும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய மாற்றம். வராத எண்ணை வந்ததாக எழுத நான் உதவ மாட்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கடை திறக்கும் முன், நான் அளவு நாடாவோடு அங்கே இருப்பேன். உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன், அவர் கட்டணத்தில் பாதியை நான் தருகிறேன். செயலாளர் அக்கா பள்ளிக் காவலாளியிடம் சொல்லி அந்தச் சின்ன வாயிலைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். கடைக்காரருக்கும் இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், அவர் ஆளும் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கட்டும்.

உங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாக வாழும்,
ஓய்வுபெற்ற எழுத்தர்